ஐந்தரை மணி வேனும் ஒரு ரஷ்ய அட்டவணையும்

கூடங்குளம் அணுமின் நிலையக் கட்டுமான வேலைக்காக ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ஒரு குடியிருப்புக்கு, வேன் நேர அட்டவணை ஒன்றை ரஷ்ய மொழியில் எழுதித் தரும் வேலை 2023 டிசம்பர் கடைசியில் எனக்கு வந்தது. மொத்தம் ஒரு பக்கம்தான். தமிழில் கையால் எழுதிய தாளைக் கொடுத்து, நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்றார்கள். அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

கடைத்தெருவுக்கு திங்கள் முதல் சனி வரை, காலை 6.15, மாலை 5.30. நாகர்கோவிலுக்கு புதன், சனி காலை 9.30, திரும்ப மதியம் 1.00. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வெள்ளி இரவு 12.30. ஜனவரி 8 முதல் மார்ச் 31 வரை. விடுமுறை நாட்களில் வேன் இல்லை.

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஆனது. ரஷ்ய மொழி ஓரளவு நன்றாகவே தெரிந்த எனக்கு எங்கெங்கே தடுக்கியது என்பதை எழுதி வைத்தால், இதே மாதிரித் தாள் கைக்கு வரும் இன்னொருவருக்கு உதவும்.

முதலில், இந்த வேலைக்கு ஒரு மாதம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டவணையை நான் எழுதிய விதமே அதனால்தான் மாறியது. அன்று மாலை வேன் எப்போது கிளம்பும் என்று ஒரு ரஷ்ய அம்மா போனில் கேட்டார். ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டேன். "அஞ்சரைக்குக் கிளம்பிருவேன் தம்பி" என்றார். நான் போனில், "வ் பலவீனே பியாத்தவா" என்றேன். பலவீனா என்றால் பாதி. பியாத்தவா என்றால் ஐந்தாவதின். ஐந்து, பாதி, ஐந்தரை. என் மனதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா நாலரை மணிக்கே குழந்தையோடு வந்து, வேன் வரும்வரை ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

ரஷ்யர்களுக்கு 'ஐந்தாவதின் பாதி' என்றால் 4.30. காரணம் தெரிந்துவிட்டால் மறக்காது. பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணி வரை ஓடுவது முதல் மணி. ஒன்றிலிருந்து இரண்டு வரை இரண்டாவது மணி. அப்படியே போனால் நாலிலிருந்து ஐந்து வரை ஓடுவது ஐந்தாவது மணி. அதில் பாதி ஓடியிருந்தால் நாலரை. நாம் முடிந்த மணியைச் சொல்லி அதன்மேல் காலோ அரையோ சேர்க்கிறோம். அவர்கள் நடந்துகொண்டிருக்கும் மணியைச் சொல்லி, அதில் எவ்வளவு ஆனது என்கிறார்கள். வயது சொல்லும்போது நம் வீடுகளிலும் இந்த இரண்டும் உண்டு. "பையனுக்கு அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்கிறோம் அல்லவா? தமிழ் கடிகாரம் 'முடிஞ்ச' கணக்கு, ரஷ்யக் கடிகாரம் 'நடக்குற' கணக்கு. இப்போது ரஷ்யர் யாராவது பலவீனா என்று ஆரம்பித்தால், அடுத்து வரும் எண்ணை 'நடக்குது' என்று மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

ஆக ஐந்தரை என்பது 'ஆறாவதின் பாதி'. ஐந்தேகால் 'ஆறாவதின் கால்'. ஐந்தே முக்கால் மட்டும் வேறு மாதிரி, 'கால் இல்லாமல் ஆறு' என்று வரும்:

```
5:15  четверть шестого
5:30  половина шестого (полшестого)
5:45  без четверти шесть
```

'ஆறாவதின்' என்பதற்கு ஷெஸ்தோவா என்று காதில் விழும் சொல்லின் கடைசியை, எழுதும்போது 'ஓகோ' என்பது போன்ற எழுத்துகளோடுதான் எழுத வேண்டும். எழுத்தில் க, உச்சரிப்பில் வ. கேட்டதைக் கேட்டபடி எழுதினால் பிழையாகிவிடும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். தாளில் பேச்சு வழக்கு நேரம் எதுவுமே இருக்கக்கூடாது. 24 மணிக் கணக்கில் வெறும் எண்கள் போதும். ரஷ்ய ரயில், பேருந்து அட்டவணைகளும் அப்படித்தான் இருக்கும். காலை, மாலை என்ற சொற்கள் அங்கே தேவைப்படாது. 17:30 என்று போட்டுவிட்டால், அதைப் படிப்பவர் தன் மனதில் 'ஆறாவதின் பாதி' என்று சொல்லிக்கொள்வார். அது அவர் பாடு, அவர் தவறாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

காலை மாலையை விட்டதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. ரஷ்யர்கள் நாளை நான்காகப் பிரிக்கிறார்கள்: ஊத்ரா, த்ன்யா, வேச்செரா, நோச்சி. காலை, பகல், மாலை, இரவு என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் எல்லைகள் நம்முடையவை அல்ல. நமக்கு மூன்று மணி விடியற்காலை. ரஷ்ய மொழியில் அது 'இரவு மூன்று', நாலு மணிதான் 'காலை நாலு' ஆகிறது. நமக்கு ஒன்பது மணி என்றால் இரவு, அவர்களுக்கு அது 'மாலை ஒன்பது'. மதியம் ஒரு மணியைச் சொல்லும்போது 'ஒன்று' என்ற எண்ணே வராது, சாஸ் த்ன்யா, அதாவது வெறுமனே 'பகல் மணி'. எண்ணில் 13:00 என்று போட்டால் இந்தச் சிக்கல் ஒன்றும் கிடையாது.

எண்களுக்கு நடுவே புள்ளியா, இரட்டைப் புள்ளியா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். தமிழில் 5.30 என்று எழுதிப் பழக்கம். பழைய ரஷ்ய அச்சு வழக்கிலும் 17.30 என்று புள்ளிதான், இப்போதும் அது பிழை இல்லை. ஆனால் ரஷ்யர்கள் தேதியையும் புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள்: 08.01.2024. ஒரே தாளில் 09.30 என்றும் 08.01 என்றும் இருந்தால் எது மணி, எது தேதி என்று கண் ஒரு நொடி தடுமாறும். மணிக்கு இரட்டைப் புள்ளி, தேதிக்குப் புள்ளி என்று பிரித்துக்கொண்டேன். பத்துக்குக் கீழே உள்ள மணிகளுக்கு முன்னால் பூஜ்யமும் சேர்த்தேன், 06:15 என்று. வரிசைகள் நேராக நிற்கின்றன, 6:15 மாலையா என்ற கேள்வியும் எழவில்லை.

அப்புறம் கிழமைகள். ரஷ்ய மொழியில் கிழமைப் பெயர்களைச் சிறிய எழுத்தில்தான் எழுத வேண்டும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் மட்டும் பெரிய எழுத்து. மாதங்களுக்கும் அப்படியே. ஆங்கிலம் வழியாக ரஷ்ய மொழிக்கு வந்தவர்கள் இதில் தவறாமல் சறுக்குவார்கள், நானும் முதல் வரைவில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். வாரம் திங்களில் தொடங்குகிறது. பெயர்களிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது: செவ்வாய்க்கான ஃப்தோர்னிக் 'இரண்டாவது', வியாழனுக்கான செத்வெர்க் 'நான்காவது', வெள்ளிக்கான பியாத்நித்சா 'ஐந்தாவது'. புதன் ஸ்ரெதா, 'நடு'. ஞாயிறை முதல் நாளாக வைத்து நான் போட்டிருந்த கட்டத்தை அழித்து, திங்களை முதலிலும் ஞாயிறைக் கடைசியிலும் வைத்தேன். கிழமைக்குப் பதில் 1, 2, 3 என்று எண் போடும் எண்ணத்தையும் விட்டேன். நாங்கள் ஞாயிறை ஒன்று என்போம், அவர்கள் திங்களை ஒன்று என்பார்கள். ஒருநாள் முன்பின்னாக ஆட்கள் வந்து நிற்பதற்கு அது போதும். அதனால் இரண்டெழுத்துச் சுருக்கங்கள்:

```
пн вт ср чт пт сб вс
```

'திங்கள் முதல் சனி வரை' என்பதை 'வேலை நாட்களில்' என்று சுருக்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. பா பூத்ன்யாம் என்று இரண்டே சொல். நல்லவேளை, செய்யவில்லை. ரஷ்யர் காதுக்கு அது திங்கள் முதல் வெள்ளி வரைதான், சனி ஓய்வு நாள். நம் தாளில் சனிக்கிழமையும் வேன் ஓடுகிறது. முழுதாக எழுதினேன்:

```
с понедельника по субботу
```

இதில் நடுவே நிற்கும் `по` என்ற சின்னச் சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தேதிக்கும் கிழமைக்கும் முன்னால் அது இரண்டு வெவ்வேறு வேலை செய்கிறது. மேலே உள்ள வரியில் அதன் பொருள் 'வரை', அதுவும் அந்த நாளையும் சேர்த்து. சனி உள்ளே இருக்கிறது என்பதில் சந்தேகமே வராது. 'வரை' என்பதற்கு `до` என்ற சொல்லும் உண்டு. ஆனால் 'மார்ச் 31' முன்னால் அதைப் போட்டால், 31ஆம் தேதி வேன் உண்டா இல்லையா என்று கேட்க இடம் இருக்கிறது. தமிழ் 'வரை'யிலும் அந்தக் குழப்பம் உண்டு, பேச்சில் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை.

அதே `по`வுக்குப் பின்னால் கிழமையைப் பன்மையில், அதற்குரிய வேற்றுமையில் போட்டால் 'தோறும்' என்ற பொருள் வந்துவிடும். நாகர்கோவில் வரியை முதலில் இப்படி எழுதியிருந்தேன்:

```
в среду и в субботу
```

இலக்கணத்தில் பிழை இல்லை. என்னோடு வேலை பார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் படித்துவிட்டு, "எந்தப் புதன் தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இந்த வரி 'வருகிற புதனும் சனியும்' என்று படிக்கப்படும், ஒரே ஒரு தடவை நடக்கும் காரியம் போல. தமிழில் 'புதன், சனி காலை 9.30' என்று போர்டில் எழுதினால் வாராவாரம் என்று தானாகப் புரிந்துவிடுகிறது, அதனால் எனக்கு உறைக்கவில்லை. வாராவாரம் என்றால் இப்படி:

```
по средам и субботам
```

ஆக ஒரே தாளில் 'பா சுபோத்து' என்றால் சனி வரை, 'பா சுபோத்தாம்' என்றால் சனிதோறும். கடைசி எழுத்துகளில்தான் வித்தியாசம். தட்டச்சு செய்து முடித்ததும் இந்த இரண்டையும் விரல் வைத்துச் சரிபார்ப்பது நல்லது, கணினியின் எழுத்துப் பிழை திருத்தி இதைப் பிடிக்காது. இரண்டுமே சரியான சொற்கள் ஆயிற்றே.

தேதிக்கு வந்தால், 'ஜனவரி 15 அன்று' என்பதற்கு ரஷ்ய மொழியில் முன்னொட்டுச் சொல் எதுவும் வேண்டாம். கிழமைக்கு முன்னால் `в` போட்ட கை, தேதிக்கு முன்னாலும் அதைப் போடத் துடிக்கும். போடக்கூடாது. மாதப் பெயர் மட்டும் 'ஜனவரியின்' என்ற உருவத்துக்கு மாறும்: யன்வார் அல்ல, யன்வர்யா. எண்ணுக்குப் பின்னால் 'ஆம்' போன்ற விகுதியும் எழுத வேண்டாம், மாதப் பெயர் பக்கத்தில் இருந்தால் வெறும் எண் போதும். வாய்விட்டுப் படிப்பவர் தானாகவே 'பதினைந்தாவதின்' என்று சரியாகப் படித்துக்கொள்வார்.

```
15 января        (சரி)
15-го января     (விகுதி வேண்டாம்)
в 15 января      (தவறு)
```

அடுத்தது 'விடுமுறை நாட்களில் வேன் இல்லை'. இதற்கு நேர்ச் சொல் இருக்கிறது, எழுதவும் எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தால், யாருடைய விடுமுறை? ரஷ்யாவில் ஜனவரி முதல் வாரம் முழுக்க விடுமுறை, பிப்ரவரி 23ம் மார்ச் 8ம் விடுமுறை. போர்டைப் பார்க்கும் அம்மாமார்களுக்கு மார்ச் 8 மகளிர் தினத்தன்று வேன் வராது என்றுதான் தோன்றும். பொங்கல் என்றைக்கு என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வேன் அனுப்புகிறவர்களிடம் போய், அட்டவணைக் காலத்துக்குள் எந்தெந்த நாள் ஓடாது என்று கேட்டேன். பொங்கலான ஜனவரி 15 திங்கள், குடியரசு தினமான ஜனவரி 26 வெள்ளி என்றார்கள். 'விடுமுறை' என்ற சொல்லையே எடுத்துவிட்டு அந்த இரண்டு தேதிகளையும் கிழமையோடு எழுதினேன்.

எழுதிய பிறகுதான் அடுத்த முடிச்சு கண்ணில் பட்டது. விமான நிலைய வேன் வெள்ளி இரவு 12.30. தமிழில் இதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து, பெட்டியைக் கட்டி வைத்து, தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிற வேன் அது. ஆனால் 24 மணிக் கணக்கில் அது 00:30, அப்போது சனிக்கிழமை பிறந்துவிட்டது. `пт 00:30` என்று எழுதினால் ரஷ்யர் வியாழன் இரவே வந்து நிற்பார், அவர் கணக்கில் அது சரி. `сб 00:30` என்று எழுதினால் எழுத்தில் சரி, ஆனால் சனி இரவு என்று யாராவது புரிந்துகொண்டு விமானத்தைத் தவறவிட வாய்ப்பு உண்டு.

இந்த மாதிரி இடத்துக்கென்றே ரஷ்ய மொழியில் ஒரு சொல்முறை இருக்கிறது. எனக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்தவற்றில் ஒன்று: 'வெள்ளியிலிருந்து சனிக்குள் போகும் இரவில்'. இரவை ஒரு நாளோடு கட்டாமல், இரண்டு நாளுக்கும் நடுவில் வைக்கிறது. தேதியிலும் அப்படியே சொல்லலாம்.

```
в ночь с пятницы на субботу, в 00:30
в ночь с 26 на 27 января
```

இப்படி எழுதினால் தவறாகப் படிக்க வழியே இல்லை. ஆனால் இதை எழுதியதும் குடியரசு தினக் கேள்வி வந்து நின்றது. ஜனவரி 26 வெள்ளி வேன் இல்லை, சரி. அன்று இரவு விமான நிலைய வேன்? கடிகாரப்படி அது 27ஆம் தேதி வண்டி. தாளைக் கொடுத்தவர்களே இதை யோசித்திருக்கவில்லை. ஓட்டுநர் அண்ணன்தான், "விமானம் நமக்காக லீவு போடாது, நான் வந்துருவேன்" என்றார். அதையும் ஒரு தனி வரியாகச் சேர்த்தேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், 'உள்ளூர் நேரம்' என்ற குறிப்பு. பக்கத்து ஊர்களுக்கு ஓடும் வேனுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ரஷ்யாவில் 2018 ஆகஸ்ட் 1 வரை நாடு முழுக்க ரயில் அட்டவணைகளிலும் டிக்கெட்டுகளிலும் மாஸ்கோ நேரம்தான் அச்சாகும், வண்டி எந்த ஊரில் நின்றாலும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் விமான நிலையம் என்ற சொல்லைப் பார்த்ததும் எந்த நேரம் என்று கேட்பார்கள். இந்திய நேரத்துக்கும் மாஸ்கோ நேரத்துக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இரண்டு சொல்லில் முடிகிற சந்தேகம், எழுதிவிட்டேன்.

முழுத் தாள் இப்படி வந்தது:

```
РАСПИСАНИЕ МИКРОАВТОБУСА
с 8 января по 31 марта 2024 г.
(время местное)

На рынок: с понедельника по субботу
  06:15, 17:30
В Нагеркойл: по средам и субботам
  09:30, обратно 13:00
В аэропорт: в ночь с пятницы на субботу
  00:30

15 января (пн) и 26 января (пт) рейсов нет.
В ночь с 26 на 27 января рейс в аэропорт
выполняется.
```

ஒட்டுவதற்கு முன் இதை நாலரை மணிக்கு வந்து நின்ற அதே அம்மாவிடம் கொண்டுபோய், சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். எண்ணாக இருப்பதைப் படிப்பவர் என்ன சொல்லாக மாற்றிக்கொள்கிறார் என்று பார்ப்பதற்காக. 17:30ஐ அவர் பொல்ஷெஸ்தோவா என்றார், ஆறாவதின் பாதி. 00:30 வந்ததும் 'முதலாவதின் பாதி, இரவு' என்றார். நள்ளிரவு தாண்டியதும் முதல் மணி நடக்க ஆரம்பித்துவிடுகிறது, அதன் பாதி. எங்கேயும் நிற்காமல், திரும்பப் படிக்காமல் கீழே வரை வந்தார்.

முடித்துவிட்டு என்னிடம், "அப்படியானால் காலையில் சசோஃப் வ் ஷெஸ்த் வந்தால் போதுமா?" என்றார். அந்தச் சொல் வரிசையைக் கவனித்தேன். 'வ் ஷெஸ்த் சசோஃப்' என்றால் ஆறு மணிக்கு. அதையே புரட்டி 'சசோஃப் வ் ஷெஸ்த்' என்றால் 'ஆறு மணி வாக்கில்'. சொல்லை இடம் மாற்றிய உடனே நேரம் தோராயமாகிவிடுகிறது. அவர் ஆறு மணி வாக்கில் வந்தால் 6.20க்கும் வரலாம். வேன் நிற்காது. "வ் ஷெஸ்த் பித்நாத்சத், ரோவ்னா" என்றேன், சரியாக ஆறு பதினைந்துக்கு. அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் ஒட்ட வைத்திருந்த தாளிலேயே 06:15க்குப் பக்கத்தில் அந்தக் கடைசிச் சொல்லை எழுதிக் கொடுத்தார். அப்படியே ஒட்டினோம்.